வால்வு மூடி இறுகிக் கழராவிட்டால்: கோடு எங்கே முறிகிறது என்று பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாக வண்டி ஓடுகிற எல்லாருக்கும் ஒரு நாள் இது வரும். காற்று அடிக்கப் போனால் டயரின் வால்வு மூடி கழராது. விரலால் முடியவில்லை என்று குறடை எடுப்போம். குறடு போட்டதும் மூடி சுற்றும், அப்பாடா என்று இருக்கும். ஆனால் சுற்றியது மூடி மட்டும்தானா, வால்வும் சேர்ந்து சுற்றியதா என்பது வெளியிலிருந்து சட்டென்று தெரியாது. வால்வு ரிம்முக்குள் முறுகினால் டியூப் உள்ள சக்கரத்தில் வால்வின் அடி டியூபோடு கிழியும். டியூப் இல்லாத சக்கரத்தில் ரிம் துளையை அடைத்துக்கொண்டிருக்கிற ரப்பர் கிழியும். ஒரு மூடிக்காக டயரைக் கழற்ற வேண்டிவரும்.

பெரும்பாலும் இப்படி இறுகுவது அலுமினிய மூடிதான். கடைகளில் சிவப்பு, நீலம், தங்க நிறத்தில் தொங்குகிற அழகு மூடிகள் எல்லாம் அநேகமாக அலுமினியம். வால்வின் தண்டு பித்தளை. இரண்டு உலோகமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்து வருகிற வெள்ளைத் தூள் அலுமினியத்தை விட அதிக இடம் பிடிக்கும். வால்வு மூடியின் புரி மிக நெருக்கமானது, ஒரு அங்குலத்துக்கு 32 புரி. அந்தச் சின்ன இடைவெளியில் தூள் நெருக்கியடித்து நிற்கும்போது மூடி தண்டோடு ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். மாரியில் நனைந்து, பிறகு வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்தால் இன்னும் மோசம்.

மூடியின் வாயோரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அலுமினிய மூடி. பச்சையாகத் தெரிந்தால் மூடியும் பித்தளைதான், அது அநேகமாக வெந்நீருக்கே இளகிவிடும். சிவப்புத் துரு என்றால் முலாம் பூசிய இரும்பு மூடி.

குறடைத் தொட முன்னர் ஒரு கோடு

டிப்பெக்ஸ் பேனா இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம். மூடியின் பக்கத்தில் தொடங்கி, கீழே தண்டின் மேல், அப்படியே ரிம் வரை ஒரே நேர்கோடு இழுங்கள். தண்டில் நட் இருந்தால் அதன் மேலும் கோடு போக வேண்டும். காய விடுங்கள். இனி மூடியை இடப்பக்கமாக மயிரிழை திருப்பிப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் முறிகிறதோ அதை வைத்துத்தான் அடுத்த வேலை.

இன்னொன்று, மூடி கழராமல் காற்றை இறக்க முடியாது. ஆகவே காற்று நிறைந்த டயரில்தான் இந்த வேலை நடக்கும். கார், வான், ஓட்டோ என்றால் அந்தச் சக்கரத்தை ஜக் வைத்துத் தூக்கிவிட்டுச் செய்யுங்கள். வால்வு திடீரென்று கிழிந்தாலும் வண்டி ரிம்மில் இறங்கி நிற்காது. மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முகத்தை வால்வுக்கு நேரே வைக்க வேண்டாம்.

மூடியும் அசையவில்லை, தண்டும் அசையவில்லை

கோடு எங்கேயும் முறியவில்லை. இது நல்ல நிலை, அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சக்கரத்தைச் சுற்றி வால்வை மேலே, பன்னிரண்டு மணி இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே தண்டு அச்சை நோக்கிக் கீழே பார்க்கும், மூடி தலைகீழாகத் தொங்கும், அதன் வாய் மேற்பக்கம் இருக்கும். எதை ஊற்றினாலும் அது வாயோரத்தில் தங்கிப் புரிக்குள் இறங்கும். ஆட்கள் வால்வைக் கீழே வைத்துக்கொண்டு மூடியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது.

என்ன ஊற்றுவது? முதலில் வெந்நீர். கொதித்து இறக்கிய தண்ணீரைத் துணியில் நனைத்து மூடியைச் சுற்றிக் கட்டி, மேலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருங்கள். சூட்டில் அலுமினியம் பித்தளையை விடக் கொஞ்சம் கூடுதலாக விரியும், அது மிகச் சிறிய அளவுதான். பெரிய பலன் உப்பு கரைவதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வினாகிரி சில சொட்டு. வெள்ளைத் தூளை அது மெல்ல மெல்லக் கரைக்கும். அரை மணி நேரம் விட்டுப் பார்க்கலாம், இரவு முழுக்க விடுவதென்றால் காலையில் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

துரு இளக்குகிற ஸ்ப்ரேயை நான் கடைசியில்தான் எடுப்பேன். பெற்றோல், மண்ணெண்ணெய் வகை எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்து மெதுவாக்கும், வால்வின் ரப்பரும் டியூபும் அதற்கு விலக்கில்லை. போடத்தான் வேண்டும் என்றால் ஈர்க்குச்சி நுனியில் தொட்டு ஒரு சொட்டு வாயோரத்தில் வைத்து, வழிந்ததை உடனே சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். லைட்டரால் சூடுகாட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூடி இளக முன்னர் ரப்பர் கருகும்.

இப்போது திருப்பிப் பாருங்கள். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மூடியைச் சுற்றி, அதன் மேல் குறடு. அழுத்திப் பிடிக்காதீர்கள். மெல்லிய அலுமினிய மூடி நசுங்கி நீள்வட்டமானால் புரியை இன்னும் கடிக்கும். முதலில் வலப்பக்கமாக, அதாவது இறுக்குகிற பக்கமாக, இலேசாக ஒரு அசைவு. அப்புறம் இடப்பக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. தூள் நொறுங்கும்போது கையில் ஒரு 'நறுக்' தெரியும், கோடு மூடிக்கும் தண்டுக்கும் இடையில் முறியும். அது போதும், மீதி விரலாலேயே கழரும்.

மூடியோடு தண்டும் சேர்ந்து சுற்றுகிறது

கோடு மூடிக்கும் தண்டுக்கும் இடையில் நேராகவே இருக்கிறது, கீழே ரிம்மில் முறிந்திருக்கிறது. அல்லது ரப்பர் தண்டின் மேல் கோடு சாய்ந்து, கையை விட்டதும் மீண்டும் நேராகிறது. இரண்டிலும் கையை எடுத்துவிடுங்கள். சாய்ந்து நேராவது என்றால் ரப்பர் முறுகித் திரும்புகிறது, இன்னும் கிழியவில்லை. ரிம்மில் முறிந்து அப்படியே நிற்கிறது என்றால் வால்வின் அடி இடம் மாறிவிட்டது.

இங்கே தண்டைப் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது என்பது வால்வைப் பொறுத்தது.

ரப்பர் தண்டு, டியூப் இல்லாத சக்கரம்: பித்தளைக் குழாய் ரப்பருக்குள்ளே இருக்கிறது. மூடிக்குச் சரியாகக் கீழே, ரப்பரின் மேல் பகுதியை டியூப் துண்டு சுற்றி மூக்குக் குறடால் பிடியுங்கள். அங்கேதான் ரப்பருக்குள் பித்தளை இருக்கிறது. அடியில், ரிம் பக்கத்தில் பிடித்தால் வெறும் ரப்பரைத்தான் நசுக்குவீர்கள். ஒரு கை தண்டைப் பிடிக்க, மற்றக் கை மூடியைத் திருப்ப வேண்டும். இரண்டு குறடும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளினால் அடியில் போகிற முறுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உலோகத் தண்டு, டியூப் உள்ள சக்கரம்: மோட்டார் சைக்கிள் டியூபில் தண்டு முழுக்கப் புரி இருக்கும், ரிம்மின் மேல் ஒரு மெல்லிய நட் இருக்கும். அந்த நட்டை ரிம் வரை இறக்கி ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியை இடப்பக்கம் திருப்பும்போது தண்டும் சேர்ந்து திரும்பப் பார்த்தால், அந்தத் திருப்பமே நட்டை ரிம்மோடு இறுக்கும். தண்டு தானாகவே பூட்டிக்கொள்ளும். சிலர் நட்டை மேலே கொண்டுபோய் மூடியோடு முட்டவைத்துப் பிடிப்பார்கள். அங்கே நடப்பது நேர்மாறு: தண்டு திரும்பும்போது நட் மூடியை விட்டு இளகும், பிடிமானம் போய்விடும்.

நட் வைத்தும் தண்டு சுற்றினால் திருப்புகிற வழியையே விட்டுவிடுங்கள். மூடியை வெட்டத்தான் வேண்டும்.

மூடியை வெட்டுவது: ஒரு மீன் பெட்டி பைக்

வாழைச்சேனைப் பக்கம் மீன் எடுத்து வந்து ஊரில் விற்கிற ஒரு அண்ணனின் மோட்டார் சைக்கிள். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி. ஐஸ் உருகி ஓடுகிற உப்புத் தண்ணீர் நாள் முழுக்கப் பின் சக்கரத்தில் சொட்டும். முன் சக்கரத்து மூடி விரலால் கழன்றது. அதே நாளில் வாங்கிப் போட்ட பின் சக்கரத்துச் சிவப்பு மூடி வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது.

"தம்பி, சுத்துது, ஆனா கழருதில்ல" என்றார்.

"எவ்வளவு சுத்தினீங்க அண்ணே?"

"ரெண்டு மூணு தரம் இப்படி" என்று கையால் அரை வட்டம் காட்டினார்.

கோடு போட்டு மயிரிழை திருப்பினோம். நட்டுக்கும் ரிம்முக்கும் இடையில் முறிந்தது. தண்டும் நட்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன, நட் துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டியிருக்கிறது, ரிம்மைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கிறது. தண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே டியூப் ஏற்கனவே இழுபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே வெந்நீர், வினாகிரி ஒன்றும் பார்க்காமல் நேரே அரத்தை எடுத்தோம்.

சின்ன முக்கோண அரம் போதும், ஹக்சோ பிளேட் துண்டும் சரி. தண்டைக் குறடால் பிடித்துக்கொண்டு, மூடியின் உச்சியிலிருந்து வாய் வரை தண்டோடு இணையாக ஒரே கோடாக அராவ வேண்டும். குறுக்கே அராவக் கூடாது. குறுக்கே போனால் புரி ஒவ்வொன்றும் வெட்டுப்படும், நெட்டாகப் போனால் ஒவ்வொரு புரியிலும் ஒரு கீறல் மட்டும்தான்.

எப்போது நிறுத்துவது என்பதை அரத்தில் ஒட்டுகிற தூள் சொல்லும். முதலில் சிவப்புப் பூச்சு உதிரும், பிறகு வெள்ளி நிறத் தூள், அது அலுமினியம். அந்த வெள்ளியில் மஞ்சள் பொட்டு ஒன்று மின்னினால் பித்தளையைத் தொட்டுவிட்டீர்கள், அந்த இடத்தில் போதும். வாய்ப்பக்கம் மஞ்சள் தெரிந்து உச்சிப்பக்கம் இன்னும் வெள்ளியாக இருந்தால் அரத்தைச் சாய்த்து உச்சிப்பக்கம் மட்டும் அராவுங்கள். தண்டுக்கு நிக்கல் முலாம் பூசியிருந்தால் மஞ்சள் தெரிய முன்னர் ஒரு பளபளப்பான வெண்மை வரும். தூளின் நிறத்தில் வித்தியாசம் குறைவு என்பதால் பள்ளத்தை அடிக்கடி துடைத்துப் பாருங்கள்.

பிறகு தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பள்ளத்தில் வைத்து, நெம்பாமல், அதே இடத்தில் திருக வேண்டும். பள்ளம் விரியும். அண்ணனின் மூடி 'டிக்' என்று வாயோரத்திலிருந்து உச்சி வரை பிளந்தது. உள்ளே புரிகளுக்கு இடையில் மாவு மாதிரி வெள்ளைத் தூள். இரண்டு விரலால் திருகியதும் மூடி கையோடு வந்தது.

வேலை அதோடு முடியவில்லை. தண்டு சாய்ந்திருந்தது அல்லவா? காற்றை அடைத்து வைக்க வால்வுக்குள் இருக்கிற ஊசியை அமர்த்திக் காற்றை முழுக்க இறக்கி, நட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக் கழற்றி, தண்டைப் பெருவிரலால் டயருக்குள் கொஞ்சம் தள்ளினோம். உள்ளே தள்ளும்போது டியூப் ரிம்மிலிருந்து விடுபட்டு முறுக்கு அவிழும். பிறகு தண்டை நேராக வெளியே இழுத்து, கொஞ்சமாகக் காற்று அடித்து, மறுபடி இறக்கி, கடைசியாக முழுக்க அடித்தோம். தண்டு ரிம்முக்கு நேராக நின்றது. நட்டை ரிம்மில் நெருக்கி இறுக்காமல் ஒரு சுற்று விட்டுப் பூட்டினோம். டியூப் கொஞ்சம் நகர்ந்தாலும் தண்டு சாய்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

மூடி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது

கோடு மூடியில் முறிகிறது, தண்டு அசையவில்லை, ஆனால் எவ்வளவு சுற்றினாலும் மேலே வருவதில்லை. ஒன்று, மூடியின் புரி தேய்ந்து போயிருக்கும். இல்லாவிட்டால் அது இரட்டை மூடி: வெளியே உலோகக் கூடு, உள்ளே பிளாஸ்டிக். கூடு மட்டும் சுற்றுகிறது, பிளாஸ்டிக் தண்டிலேயே இருக்கிறது.

இரண்டுக்கும் வழி இழுப்பதுதான். சுற்றிக்கொண்டே நேராக வெளியே இழுங்கள். பலருக்கு இழுக்கப் பயம், ஆனால் வால்வுக்கு இழுப்பை விட முறுக்குதான் ஆபத்து. ரப்பர் வால்வின் அகன்ற அடி ரிம்முக்கு உள்ளே இருக்கிறது, அதைப் பூட்டும்போதே உள்ளிருந்து வெளியே இழுத்துத்தான் பூட்டுவார்கள். அளவான இழுப்பை அது தாங்கும். பக்கவாட்டில் நெம்பாதீர்கள். கூடு வந்த பிறகு உள்ளே பிளாஸ்டிக் எஞ்சினால் கூரான கத்தியால் நெட்டாக ஒரு கீறல், உரிந்து வரும்.

திருப்பும்போது காற்று சத்தம் வருகிறது

சின்னதாய் ஒரு 'புஸ்', உடனே நின்றுவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற ஊசி இலேசாகக் கசிந்து மூடிக்குள் காற்றுச் சேர்ந்திருக்கிறது. மூடி கழன்றதும் ஊசியை இறுக்கிப் பாருங்கள், கசிவு நிற்காவிட்டால் ஊசியை மாற்றுங்கள்.

சத்தம் நிற்காமல் வருகிறது என்றால் சவர்க்காரத் தண்ணீரை மூடியின் வாயோரத்திலும் தண்டின் அடியிலும் தடவுங்கள். வாயோரத்தில் குமிழி வந்தால் ஊசியில் கசிவு, மூடியைக் கழற்றலாம், ஆனால் காற்று இறங்கும் என்று தயாராக இருங்கள். டியூப் இல்லாத சக்கரத்தில் தண்டின் அடியில் குமிழி வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. அங்கே மூடியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டயர்க் கடையில் வால்வையே மாற்ற வேண்டும். வால்வு விலை குறைந்த சாமான், டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து இறக்குவதுதான் வேலை.

டியூப் உள்ள சக்கரத்தில் மட்டும் இந்தச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம். டியூபில் எங்கே ஆணி குத்தியிருந்தாலும் காற்று டயருக்குள் சுற்றிக் கடைசியில் தண்டுத் துளை வழியாகவே வெளியே வரும். அங்கே குமிழி வருகிறது என்பதற்காக வால்வின் அடி கிழிந்தது என்று தீர்மானிக்க முடியாது. டியூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் அமுக்கினால்தான் தெரியும். கிழிசல் வால்வின் அடியில்தான் என்றால் ஒட்டு நிற்காது, புது டியூப்தான்.

உள்ளே சென்சர் இருக்கிற வால்வு

ஜப்பானிலிருந்து வந்த சில கார்களில் அடியில் அறுகோண நட்டோடு அலுமினியத் தண்டு இருக்கும். ரிம்முக்குள் அதோடு காற்றழுத்தம் காட்டுகிற சென்சர் பூட்டியிருக்கும். அங்கே தண்டே அலுமினியம் என்பதால் அரிப்பதும் தண்டுதான், முறிவதும் தண்டுதான். வெந்நீருக்கும் இலேசான அசைவுக்கும் வராவிட்டால் வீட்டில் வெட்ட வேண்டாம், அரத் தூளின் நிறமும் அங்கே உதவாது. டயரை இறக்கி உள்ளிருந்து பிடித்துக் கழற்றக்கூடிய கடைக்கு விட்டுவிடுங்கள்.

மூடி வந்த பிறகு

பழைய பல் துலக்கும் பிரஷை வினாகிரியில் தோய்த்துப் புரியைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்டின் வாயில் எச்சிலோ சவர்க்காரத் தண்ணீரோ வைத்து ஊசி கசிகிறதா என்று பாருங்கள். ரப்பர் தண்டு என்றால் ஒரு பக்கமாக வளைத்து அடியைச் சுற்றிப் பாருங்கள். வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்தால், இன்று காற்று நின்றாலும் அந்த வால்வை மாற்றிவிடுவது நல்லது.

மறுபடி போடுவதற்குக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியே போதும். உள்ளே சின்ன ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உலோக மூடிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர் பித்தளையில் வாங்கட்டும், புரியில் கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் தடவட்டும். சாதாரணக் கிரீஸ் வேண்டாம், அது ரப்பருக்கு ஆகாது. விரலால் முட்டுகிற வரை இறுக்கினால் சரி. மீன் பெட்டி அண்ணனுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு, பெட்டியின் ஓட்டையில் ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி, சொட்டுகிற தண்ணீர் சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் விழும்படி கட்டிவிட்டோம்.